0x80072EE7 வந்தால் டிஎன்எஸ் மாற்றினால் போதும் என்கிறார்கள். எனக்குப் போதவில்லை

மாடிவீடு | ஜூன் 5, இரவு 9.50

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். வைஃபை இல்லை, பைபர் பெட்டியிலிருந்து லேன் ஒயர் நேராகப் போகிறது. பத்து நாளாக சாயங்காலம் ஆனால் போதும், உள்ளே நுழைய முடியவில்லை. 0x80072EE7. இணையத்தில் எங்கே தேடினாலும் ஒரே பதில்தான்: பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் பிரச்சினை, 8.8.8.8 போடு. போட்டேன். மூன்று நாள் நன்றாக இருந்த மாதிரி தெரிந்தது. இன்று மறுபடி அதே கதை, கூடவே 0x80072EE2 என்று புதிதாக ஒன்று. அம்மா அதே நேரத்தில் போனில் சீரியல் பார்க்கிறார், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் எக்ஸ்பாக்ஸில்தானே கோளாறு? இந்த எண்களெல்லாம் சும்மா வாய்க்கு வந்ததைக் காட்டுகின்றன என்பது என் முடிவு.

எட்டெட்டு | ஜூன் 5, இரவு 10.05

ப்ரோ, இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்? அங்கே பழைய எண் இருந்தால் சில சமயம் அதைக் கேட்கும். 8.8.8.8, 8.8.4.4 இரண்டையும் போடுங்கள். எனக்கு இரண்டு வருஷமாக ஒரு எரர் கூட வந்ததில்லை.

பழைய_ரவுட்டர் | ஜூன் 5, இரவு 11.20

எண் சும்மா இல்லை தம்பி. எக்ஸ்பாக்ஸுக்குள் ஓடுவது விண்டோஸின் உறவுக்காரன், எரர் எண்களும் அங்கிருந்து வந்தவைதான். முதலில் வரும் 8007 வெறும் உறை. கடைசி நான்கு எழுத்தைக் கால்குலேட்டரில் புரோகிராமர் முறையில் போட்டு தசம எண்ணாக மாற்றிப் பாருங்கள்.

```
2EE7 -> 12007  பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை
2EE2 -> 12002  நேரம் கடந்துவிட்டது
2EFD -> 12027  இணைப்பே ஏற்படவில்லை
2EFE -> 12030  பாதியில் அறுந்தது
2F8F -> 12175  பாதுகாப்பு இணைப்பு அமையவில்லை
```

இந்த 12000 வரிசை எண்களெல்லாம் விண்டோஸில் பல வருஷமாக இருப்பவை. கடைசியில் உள்ளதற்கு அநேகமாகக் கடிகாரம்தான் காரணமாக இருக்கும், தேதியைப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எண் சொல்வது பயணம் எந்தப் படியில் நின்றது என்பதை. ஏன் நின்றது என்று அது சொல்லாது. 12007 வந்தால் பெயர் கேட்கப் போனவன் பதிலோடு திரும்பவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சொன்னாலும் இதே எண். கடைக்குப் போகிற வழியில் ஆளே காணாமல் போனாலும் இதே எண். 'டிஎன்எஸ் மாற்று' என்பது முதல் வகைக்கு மட்டும் மருந்து.

உங்களுக்கு EE7 போய் EE2 வந்தது. அதாவது சில சமயம் பெயர் கிடைத்துவிடுகிறது, அடுத்த படியில் விழுகிறது. ஒரே நாளில் இரண்டு படியிலும் தடுக்கினால் குறை படியில் இருக்காது, தரையில் இருக்கும். சாயங்காலம் மட்டும் என்கிறீர்களே, தெருவே இணையத்தில் உட்காரும் நேரம். நெரிசல் என்று நினைக்கிறேன்.

பழைய_ரவுட்டர் | ஜூன் 5, இரவு 11.31

திருத்தம்: 2EFD என்பது 12029. பழக்கத்தில் மனக்கணக்கு போட்டேன்.

பிஎஸ்5_மாமா | ஜூன் 6, காலை 7.15

காலை வணக்கம். என்னுடையது பிளேஸ்டேஷன். NW-31297-2 வருகிறது, வைஃபை பாஸ்வேர்டு தப்பு என்கிறது. பாஸ்வேர்டு சரிதான், நானே வைத்தது. இதற்கும் 8.8.8.8 போடலாமா?

எட்டெட்டு | ஜூன் 6, காலை 7.40

போடலாம், தப்பில்லை.

பழைய_ரவுட்டர் | ஜூன் 6, காலை 8.10

தப்பில்லைதான், பயனும் இல்லை. நீங்கள் இன்னும் வாசலையே தாண்டவில்லை சார். வைஃபையோடு சேர்ந்த பிறகுதான் ஐபி கிடைக்கும், ஐபி கிடைத்த பிறகுதான் டிஎன்எஸ் கதை. அந்த எண் வந்தால் அநேகமாகப் பாஸ்வேர்டுதான். வீட்டில் யாராவது மாற்றினார்களா?

பிஎஸ்5_மாமா | ஜூன் 6, மாலை 6.30

மகள் மாற்றியிருக்கிறாள். பரீட்சை முடியும் வரை எனக்குச் சொல்ல மாட்டாளாம்.

மாடிவீடு | ஜூன் 6, இரவு 8.45

மாமாவுக்கு அனுதாபங்கள்.

ரவுட்டர் அண்ணா, நெரிசல் என்றால் நான் என்ன செய்வது? இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஸ்பீடு டெஸ்ட் போடச் சொன்னார்கள். 100 திட்டத்தில் 92 வந்தது. 'எல்லாம் சரியாக இருக்கிறது சார், உங்கள் கேம் மெஷினைச் சர்வீசுக்குக் கொடுங்கள்' என்று வைத்துவிட்டார்கள்.

பழைய_ரவுட்டர் | ஜூன் 6, இரவு 9.30

92 வருகிற லைனில் நெரிசல் என்று நான் சொன்னது கொஞ்சம் அவசரம். சரி, அளந்து பார்ப்போம்.

கன்சோலில் Settings, General, Network settings போனால் வேகத்தோடு பாக்கெட் இழப்பும் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. அதைக் காலையில் ஒரு தடவை, எரர் வரும் நேரத்தில் ஒரு தடவை ஓட்டுங்கள். அப்புறம் அதே லேன் ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகி, வைஃபையை அணைத்துவிட்டு, இந்த இரண்டையும் போடுங்கள். முதல் எண் உங்கள் பைபர் பெட்டியின் முகவரி, வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 8.8.8.8
```

முதலாவதிலேயே இழப்பு இருந்தால் ஒயர் அல்லது பெட்டி. முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவதில் மட்டும் இழந்தால் பெட்டிக்கு அந்தப் பக்கம். எத்தனை போயிற்று என்பதோடு, வந்தவை எத்தனை மில்லிசெகண்டில் வந்தன என்பதையும் எழுதுங்கள். அது முக்கியம்.

ஹாஸ்டல்_ஆந்தை | ஜூன் 6, இரவு 11.58

எனக்கும் இதே பிரச்சினை. நிண்டெண்டோ ஸ்விட்ச், 2618-0516. ஸ்டோர் திறக்கிறது, டவுன்லோடு ஆகிறது, நண்பர்கள் பட்டியல் தெரிகிறது. ஆனால் நண்பனோடு ஆட்டத்தில் சேர்ந்தால் அறுந்துவிடுகிறது. டிஎன்எஸ் மாற்றியாயிற்று.

பழைய_ரவுட்டர் | ஜூன் 7, காலை 6.50

இதே பிரச்சினை இல்லை, நேர் எதிர். மாடிவீட்டுக்காரர் ஏணியின் கீழ்ப்படியில் விழுகிறார். நீங்கள் எல்லாப் படியும் ஏறிக் கடைசிப் படியில் நிற்கிறீர்கள். அந்த எண் வந்தால் உங்கள் ஸ்விட்சும் நண்பனின் ஸ்விட்சும் நேராகக் கைகுலுக்க முடியவில்லை என்று பொருள். ஸ்டோர் திறக்கிறதே, அதுவே டிஎன்எஸ் சரி என்பதற்குச் சாட்சி.

ஸ்விட்சில் இணையச் சோதனை ஓட்டினால் நாட் வகை என்று ஓர் எழுத்து வரும், வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் அளவு அது. என்ன எழுத்து?

ஹாஸ்டல்_ஆந்தை | ஜூன் 7, பகல் 12.20

D. இப்போது ஹாஸ்டலில் இல்லை, லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேர் மட்டும் அப்படி.

எட்டெட்டு | ஜூன் 7, பகல் 12.35

இது எனக்குத் தெரியும். ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் போடுங்கள். ஸ்விட்சுக்கு யூடிபி 45000 முதல் 65535 வரை திறந்தால் A ஆகிவிடும். நிண்டெண்டோவே சொல்வதுதான்.

பழைய_ரவுட்டர் | ஜூன் 7, பகல் 1.10

எட்டெட்டு சொல்வது சரி, ஒரு நிபந்தனையோடு. வெளியுலகம் பார்க்கும் முகவரி உங்கள் ரவுட்டரிடமே இருந்தால்தான் அது வேலை செய்யும். ரவுட்டர் பக்கத்தில் WAN IP என்ன என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு மேலே வீட்டிலேயே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, அநேகமாக அந்தப் பைபர் பெட்டி. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் மேலே இருப்பது இணைய நிறுவனத்தின் ரவுட்டர், பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கு போடுகிறார்கள். அப்போது நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தது மாதிரிதான். அபார்ட்மென்ட் கேட் பூட்டியிருக்கும்.

மாடிவீடு | ஜூன் 7, இரவு 10.15

காலை 8 மணி: பெட்டிக்கு 100-இல் 0 இழப்பு. 8.8.8.8-க்கும் 0. வந்தவை 18 முதல் 21 மில்லிசெகண்டு.

இரவு 8 மணி: பெட்டிக்கு 0. 8.8.8.8-க்கு 11 போயிற்று. வந்தவை 18 முதல் 22 மில்லிசெகண்டு. கன்சோலும் பாக்கெட் இழப்பு 9 சதவீதம் என்கிறது.

நீங்கள் சொன்ன மாதிரி நெரிசல்தானே? பெட்டிக்கு அந்தப் பக்கம்தானே போகிறது?

பழைய_ரவுட்டர் | ஜூன் 7, இரவு 10.40

அந்தப் பக்கம்தான். ஆனால் நெரிசல் இல்லை. நான் சொன்னதை நானே வாபஸ் வாங்குகிறேன்.

நெரிசல் என்றால் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். வரிசை நீளும்போது 20 என்பது 80 ஆகும், 150 ஆகும், வரிசை நிரம்பிய பிறகுதான் விழ ஆரம்பிக்கும். உங்களுக்கு வந்தவை எல்லாம் காலையில் வந்த அதே வேகத்தில் வந்திருக்கின்றன, நடுவில் பதினொன்று மட்டும் காணோம். டிராபிக்கே இல்லாத ரோட்டில் பள்ளம் மாதிரி. இப்படி இருந்தால் நான் முதலில் பார்ப்பது பைபரில் வரும் வெளிச்சத்தை.

அம்மாவின் சீரியல் ஓடுவதற்கும் காரணம் இதுவே. வீடியோவில் விழுந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வார்கள், முன்கூட்டியே கொஞ்சம் சேமித்தும் வைத்திருப்பார்கள். அவருக்குத் தெரியவே தெரியாது. பெயர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒற்றைப் பாக்கெட். அது விழுந்தால் சும்மா காத்திருந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும், அந்தப் பொறுமைக்கும் அளவு உண்டு. அதனால்தான் லைன் கெட்டால் முதலில் சாகிற குரல் டிஎன்எஸ்ஸுடையது, பழியும் அதன் தலையில்.

பைபர் பெட்டியின் பக்கத்தில் Rx Optical Power என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். காலையிலும் இரவிலும் பார்த்து எழுதுங்கள்.

எட்டெட்டு | ஜூன் 7, இரவு 11.00

லைனில் குறை என்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியுமே? ப்ரோ, எரிகிறதா?

மாடிவீடு | ஜூன் 7, இரவு 11.04

இல்லை. எல்லாம் பச்சை.

பழைய_ரவுட்டர் | ஜூன் 8, காலை 7.00

சிவப்பு எரிந்தால் வெளிச்சம் போயே போய்விட்டது என்று அர்த்தம். மங்கலுக்குப் பல பெட்டிகளில் விளக்கு கிடையாது.

ஹாஸ்டல்_ஆந்தை | ஜூன் 8, பகல் 3.30

WAN IP 192.168.1.4 என்று இருக்கிறது. அப்பா வாங்கிய புது ரவுட்டர் தனி, நிறுவனம் கொடுத்த பைபர் பெட்டி தனி. நான் போர்ட் திறந்தது புது ரவுட்டரில் மட்டும்.

எட்டெட்டு | ஜூன் 8, பகல் 3.50

அப்படியானால் டபுள் நாட். எக்ஸ்பாக்ஸாக இருந்தால் இதை நேராகவே சொல்லிவிடும். பைபர் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் சரிதானே ரவுட்டர் சார்?

பழைய_ரவுட்டர் | ஜூன் 8, மாலை 5.15

முழுக்கச் சரி. மாற்றுவதற்கு முன் ஒன்று: அந்தப் பெட்டியில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு லைன் எடுக்கிறார்கள் என்றால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரிட்ஜ் போட்ட கையோடு வீட்டில் இணையமே இருக்காது, அப்பாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாடிவீடு | ஜூன் 8, இரவு 8.20

காலை −21.4. இப்போது −28.9. இதில் எது நல்லது? மைனஸ் அதிகமானால் நல்லதா கெட்டதா?

பழைய_ரவுட்டர் | ஜூன் 8, இரவு 8.35

கெட்டது. ஜிபான் லைன்களில் பொதுவாக வரும் வகைப் பெட்டிக்கு −27 வரைக்கும்தான் வெளிச்சம் படிக்க முடியும் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதற்குக் கீழே போயும் பெட்டி தத்தித் தத்திப் படிக்கிறது. ஏழரை டெசிபல் குறைவு என்றால் வருகிற வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏழரை என்றாலே நமக்கு ராசி இல்லை.

சாயங்காலம் மட்டும் மங்குவது வெளியே இருக்கும் கேபிளின் குணம் இல்லை. வெயிலில் கெடும் ஜாயின்ட் என்றால் பகலில் கெடும். உங்கள் வீட்டுக்குள் சாயங்காலம் என்ன மாறுகிறது? பெட்டி இருக்கும் அலமாரியைச் சாத்துவீர்களா? டிவி ஸ்டாண்டை நகர்த்துவீர்களா? ஒயர் எந்த வழியாக உள்ளே வருகிறது?

மாடிவீடு | ஜூன் 8, இரவு 8.52

ஐயோ.

ஜன்னல் வழியாக வருகிறது. ஆறு மணிக்குக் கொசு வரும் என்று அம்மா ஜன்னலைச் சாத்துவார்.

மாடிவீடு | ஜூன் 8, இரவு 9.10

திறந்தேன். −21.6. சாத்தினேன். −28.7. மறுபடி திறந்தேன். −21.5. நான்கு தடவை செய்துவிட்டேன், அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒயர் மடிந்து நசுங்குகிறது. இந்தத் தொல்லை தொடங்கிய சமயத்தில்தான் தச்சர் வந்து, இறுக்கமாக மூடாத அந்த ஜன்னலைச் சரி செய்துவிட்டுப் போனார். அதுவரை இடைவெளி இருந்திருக்கிறது.

மூன்று நாள் 8.8.8.8-ஆல் சரியாக இருந்தது என்று சொன்னேனே, அந்த மூன்று நாளும் அம்மா ஊருக்குப் போயிருந்தார்.

எட்டெட்டு | ஜூன் 8, இரவு 9.15

சரி, நான் பேசவில்லை.

பழைய_ரவுட்டர் | ஜூன் 8, இரவு 9.40

வீட்டுக்குள் வரும் பைபர் ஒயர் ஓரளவு வளைவைத் தாங்கும். மடிப்பைத் தாங்காது. வளைவில் வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்துவிடும். அதிலும் நமக்கு வருகிற 1490 நானோமீட்டர், நாம் அனுப்புகிற 1310-ஐ விட அதிகமாகக் கசியும். டவுன்லோடு முதலில் அடி வாங்குவது அதனால்தான்.

ஜன்னலைத் திறந்தே வைப்பது தீர்வு இல்லை. தினமும் நசுங்கிய இடத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கலாம். லைன்மேனைக் கூப்பிட்டு அந்த இடத்தை வெட்டி, சட்டத்தில் துளை போட்டு ஒயரை உள்ளே விடச் சொல்லுங்கள். புகார் கொடுக்கும்போது 'கேம் வரவில்லை' என்று சொல்லாதீர்கள். 'ஆப்டிகல் பவர் −28.9' என்று சொல்லுங்கள், மறுநாளே ஆள் வரும்.

பிஎஸ்5_மாமா | ஜூன் 10, இரவு 9.00

பரீட்சை முடிந்தது, பாஸ்வேர்டு கிடைத்தது. இப்போது WS-37397-9 வருகிறது. 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கப் படுத்ததே, அப்படி ஏதாவதா? அன்று நான் ரவுட்டரை ஆறு தடவை ரீசெட் செய்தேன்.

எட்டெட்டு | ஜூன் 10, இரவு 9.20

NW என்றால் நம் வீட்டுப் பக்கம், WS என்றால் அவர்கள் சர்வர் பக்கம் மாமா. காத்திருங்கள்.

பழைய_ரவுட்டர் | ஜூன் 10, இரவு 10.05

பொதுவாக அப்படிச் சொல்லலாம், இந்த எண்ணுக்கு மட்டும் ஆகாது. சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, உங்கள் ஐபி முகவரியைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து பாருங்கள். அதில் நுழைய முடிந்தால் உங்கள் கணக்கும் மெஷினும் சரி, முகவரிக்குத்தான் தடை. மேலே ஆந்தைக்குச் சொன்ன பங்கு முகவரிக் கதை இங்கேயும் உண்டு. முகவரியைப் பங்கு போடும் வீடுகளில் ஒன்றில் யாரோ செய்த குறும்புக்கு எல்லாரும் வெளியே நிற்க வேண்டி வரும்.

பிஎஸ்5_மாமா | ஜூன் 10, இரவு 10.30

ஹாட்ஸ்பாட்டில் நுழைந்துவிட்டது. ஆனால் குறும்பு என்றதும் ஒரு சந்தேகம். பாஸ்வேர்டு தெரியாத நாட்களில் பக்கத்து வீட்டு வைஃபையில் நூறு தடவையாவது நுழையப் பார்த்தேன். அது கணக்கில் வருமா?

பழைய_ரவுட்டர் | ஜூன் 10, இரவு 10.34

அது சோனி வரைக்கும் போயிருக்காது. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஹாஸ்டல்_ஆந்தை | ஜூன் 12, இரவு 11.45

பிரிட்ஜ் போட்டாயிற்று. யூசர்நேம் எழுதி வாங்கினேன், தப்பித்தேன். புது ரவுட்டரின் WAN IP இப்போது 100.81 என்று தொடங்குகிறது. நாட் வகை இன்னும் D.

நிறுவனம் தனி முகவரிக்கு மாதம் கூடுதல் பணம் கேட்கிறது, அப்பா முடியாது என்கிறார். ஒரு விசித்திரம்: இன்னொரு நண்பனோடு மட்டும் இதே D-யிலேயே ஆட முடிகிறது.

பழைய_ரவுட்டர் | ஜூன் 13, காலை 6.45

அந்த நண்பனின் நாட் என்ன என்று கேளுங்கள். அநேகமாக A-வாக இருக்கும். ஒரு பக்கம் கதவு திறந்திருந்தால் மற்றவர் உள்ளே போகலாம். இருவரும் பூட்டியிருந்தால்தான் இந்த எண். முதல் நண்பனும் D என்றால், உங்கள் இருவரில் ஒருவர் தனி முகவரி வாங்கினாலே போதும். யாருடைய அப்பா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாடிவீடு | ஜூன் 13, இரவு 8.05

லைன்மேன் வந்தார். நசுங்கிய இடத்தை வெட்டிப் புதிதாக ஒட்டினார், சட்டத்தில் துளை போட்டார். ஜன்னல் சாத்திய நிலையில் −20.8. நூறில் 0. டிஎன்எஸ்ஸைப் பழையபடி தானியங்கிக்கே மாற்றிவிட்டேன்.

துளை வழியாகக் கொசு வருகிறதாம். அம்மா அதில் பஞ்சு அடைத்திருக்கிறார். பவர் இப்போது −20.9.

எட்டெட்டு | ஜூன் 13, இரவு 8.12

பஞ்சால் 0.1 போயிற்றா?